இருபத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலே

முதல் தடவை அந்தப் பிராக்டிகலில் நான் பெயிலானது சர்க்யூட் வேலை செய்யாததால் இல்லை. அளவுக்கு மீறி வேலை செய்ததால். அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் அம்மா இன்றுவரை நம்பவில்லை.

உத்திரமேரூரைத் தாண்டி இருக்கிற ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் எனக்கு வந்த சீட்டு ஆர்சி ஃபேஸ் ஷிஃப்ட் ஆசிலேட்டர். வெளியிலிருந்து எந்த சிக்னலும் கொடுக்காமல், வெறும் பவர் சப்ளையை மட்டும் வைத்துக்கொண்டு, தானாகவே ஒரு சைன் அலையை உண்டாக்கும் சர்க்யூட். எங்கள் லேபில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கெயினை, சிக்னல் பெருகும் மடங்கை, கூட்டக் குறைக்க ஒரு பாட் இருக்கும், அதாவது திருகி மாற்றுகிற ரெசிஸ்டர். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை திருகிவிட வேண்டும். அலையைக் காட்டும் ஆசிலோஸ்கோப் பெட்டியின் திரையில் ஏதோ ஒன்று வந்துவிடும். திரையில் வந்தது எப்படி இருந்தாலும் சரி, பேப்பரில் புத்தகத்தில் இருக்கிற அழகான சைன் அலையை வரைந்துவிட வேண்டும். சீனியர்கள் அப்படித்தான் செய்தார்கள். நானும் அப்படியே செய்தேன்.

திரையில் வந்தது, மேலும் கீழும் சீவிவிட்ட இளநீர் மாதிரி தட்டையாக இருந்தது. நான் வரைந்ததோ வழுவழுவென்று இருந்தது. வந்திருந்த எக்ஸாமினர் என் பேப்பரைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். "நீ வரைஞ்சது எங்க இருக்கும்மா?" என்று கேட்டார்.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். எனக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே. "புக்குல கீது சார்" என்றேன். லேபே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, அந்த ஒன்றில் மட்டும் அரியர் விழுந்தது.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வருஷம் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆளெடுக்க வந்திருந்தார்கள். டெஸ்டிங் பிரிவுக்கு எங்கள் காலேஜிலிருந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் நான் ஒருத்தி. தேர்ந்தெடுத்தவர்களை ஒரு நாள் கூட்டிப்போய்த் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். நீளமான ஹால். வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு ஆசிலோஸ்கோப். ஒவ்வொரு திரையிலும் ஒரு அலை. என் வயசுப் பெண்கள் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு ஒவ்வொரு போர்டாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இடத்தைவிட்டு வரவே மனசில்லை. இங்கேதான் இருக்கப் போகிறேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு கடிதம் வந்தது. எந்தப் பேப்பரும் பாக்கி இருக்கக் கூடாது, அடுத்த பரீட்சை முடிவு வரும்வரைதான் இடத்தை வைத்திருப்போம் என்று எழுதியிருந்தார்கள். ஆக, இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அந்த ஒரு பிராக்டிகல். அதில் தவறினால் அந்த மேஜை வேறொருத்திக்கு.

அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பொட்டிக்குள்ள அலையா அடிக்குது? அதுக்கோசரமா வேலைய நிறுத்தி வெச்சுக்கினு கீறானுங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா கீதுடி உங்க படிப்பு" என்று சொல்லிவிட்டு நாற்று நடப் போய்விட்டாள்.

எனக்கு ரோஷம் வந்தது. இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு எதையும் திருகுவதில்லை என்று சபதம் போட்டேன். சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, ஒரு வாரம் அந்தச் சர்க்யூட்டையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க, அட, இது எவ்வளவு எளிமையான விஷயம், இதையா மூன்று வருஷம் புரியாமல் மனப்பாடம் பண்ணினோம் என்று என் மேலேயே கோபம் வந்தது.

ஒரு ஐசி இருக்கிறது. உள்ளே போவதைப் பெருக்கி, தலைகீழாக்கி வெளியே விடும். வெளியே வந்ததை மூன்று ஜோடிகள் வழியாகத் திரும்ப உள்ளேயே அனுப்புகிறோம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். அந்த மூன்று ஜோடிகளும் அலையை முன்னே தள்ளித் தள்ளி, ஒரே ஒரு வேகத்தில் அடிக்கும் அலையை மட்டும் சரியாகப் பாதிச் சுற்றுத் திருப்பிவிடும். ஐசி ஒரு தடவை தலைகீழாக்கியது, இவை மூன்றும் சேர்ந்து இன்னொரு தடவை தலைகீழாக்கின. இரண்டு தடவை தலைகீழானால் நேராகத்தானே வரும்? கிளம்பிய அலை கிளம்பியபடியே திரும்பி வந்து நிற்கிறது. வேறு வேகத்தில் அடிக்கும் அலைகள் எல்லாம் கோணலாக வந்து ஒன்றோடொன்று சேராமல் போய்விடும்.

ஆனால் வழியில் அலை இளைத்துவிடும். மூன்று ஜோடியையும் தாண்டி வரும்போது இருபத்தொன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் ஐசி அதை இருபத்தொன்பது மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கினால் போனது அப்படியே திரும்பக் கிடைக்கும். ஒரு சுற்று சுற்றி வந்தால் அளவும் அதே, முகமும் அதே. இதைத்தான் பார்க்காசன் நிபந்தனை என்கிறார்கள். ஒரு சுற்றின் மொத்தப் பெருக்கம் ஒன்று, மொத்தத் திருப்பம் முழு வட்டம்.

போன தடவை பாட்டைக் கடைசிவரை திருகி நூறு மடங்கு வைத்திருந்தேன். இருபத்தொன்பது போதும் என்கிற இடத்தில் நூறு! பிறகு தலை தட்டையாகாமல் என்ன செய்யும்? இந்தத் தடவை பாட் வேண்டவே வேண்டாம். இருபத்தொன்பது என்றால் இருபத்தொன்பது. ஜோடிகளில் பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று, ஐசியின் பெருக்கத்தை வைக்கிற இடத்தில் இருநூற்றுத் தொண்ணூறு கிலோ ஓம், வகுத்தால் சரியாக இருபத்தொன்பது. ஒரு பொட்டு கூடவும் வேண்டாம், ஒரு பொட்டு குறையவும் வேண்டாம். போட்டால் வழுவழுவென்று சைன் அலை வந்து நிற்கப் போகிறது. அதை அப்படியே வரைந்து எக்ஸாமினர் முகத்துக்கு நேராக நீட்டப் போகிறேன்.

என் கூட்டாளியிடம் இதைச் சொன்னேன். அவளுக்கும் அதே பேப்பர் அரியர். உத்திரமேரூர் பஜாரில் அவர்களுக்கு பிளாஸ்டிக் சாமான் கடை. கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்து வளர்ந்தவள், எதிராளியின் முகத்தைப் பார்த்தே எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "உனக்குப் பாட் வேணாமா? எல்லாரும் அதத் திருகித்தான் அவுட்புட் எடுத்துக்கினு கீறாங்க. நீ மட்டும் பெரிய விஞ்ஞானியா?" என்று கேட்டாள்.

"கணக்குல கரெக்டா வருதுடி."

"கணக்குல வந்து இன்னா பண்றது? கம்பில வரணும்" என்றாள். அவள் சொன்னதில் இருந்த உண்மை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பரீட்சை அன்று காலையில் நாஷ்டா இறங்கவில்லை. லேபில் பன்னிரண்டு மேஜை. சீட்டுகளைக் குலுக்கி மேஜையில் பரப்பி வைத்திருந்தார்கள். நான் எடுத்த சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதே ஆர்சி ஃபேஸ் ஷிஃப்ட் ஆசிலேட்டர். மற்றவர்கள் "ஐயையோ, போச்சு" என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கோ குதிக்க வேண்டும் போல் இருந்தது. வா, உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கூட்டாளிக்குக் கிளிப்பர் சர்க்யூட், அதுவும் எனக்குப் பக்கத்து மேஜை. "எனக்குப் பால் பாயசம்டி" என்று கண்ணடித்தாள்.

இந்தத் தடவை எக்ஸாமினராக வேறு காலேஜிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பருத்திப் புடவை, கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, சிரிக்காத முகம். "அவுட்புட் வந்தா கூப்பிடுங்க. வராம கூப்பிடாதீங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் ரெசிஸ்டர் வாங்கப் போனேன். "பாட் வேணாமாம்மா?" என்று அவரும் கேட்டார். வேண்டாம் என்று இருநூற்று எழுபது கிலோ ஒன்றும், பத்து கிலோ இரண்டும் கேட்டு வாங்கி, வரிசையாகச் சேர்த்து இருநூற்றுத் தொண்ணூறு ஆக்கினேன். ஒரே ஒரு முறை அளந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு மேஜைக்கு இரண்டே மல்டிமீட்டர், இரண்டுக்கும் வரிசை நின்றது. ரெசிஸ்டர் மேல் இருக்கிற கலர் பட்டைகளைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கலரை நம்பினேன். அதே கலர் வரிசையின் கடைசியில் தங்க நிறப் பட்டை ஒன்று இருக்கிறது, நூற்றுக்கு ஐந்து முன்னே பின்னே இருக்கலாம் என்பது அதற்கு அர்த்தம். எத்தனையோ தடவை வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் சொன்ன பதில் அது. அன்றைக்கு அந்தத் தங்கப் பட்டை என் கண்ணில் படவே இல்லை.

ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிரெட்போர்டு பலகையில் எல்லாவற்றையும் செருகினேன். ஒவ்வொரு கம்பியையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். திரையை இணைத்தேன். அது புதிதாக வந்த டிஜிட்டல் ஆசிலோஸ்கோப். சப்ளையைப் போட்டேன்.

கோடு. மட்டமான, உயிரில்லாத ஒரு கோடு.

கம்பிகளைப் பார்த்தேன், சரி. ஐசியைக் கழற்றி மாற்றினேன். திரும்ப சப்ளையைப் போட்டேன். இந்தத் தடவை கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. போட்டவுடன் ஏதோ ஒன்று துள்ளியது! அலைதான்! அழகான சைன் அலை! "வந்துடுச்சு" என்று வாய் திறப்பதற்குள் அது சிறுத்தது. இன்னும் சிறுத்தது. ஒன்றிரண்டு விநாடியில் ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே கதை. துள்ளும், இளைக்கும், படுக்கும். பத்து தடவை போட்டிருப்பேன். பத்து தடவையும் என் கண் முன்னாலேயே செத்தது.

கூட்டாளி தன் வேலையை முடித்துவிட்டாள். எக்ஸாமினரம்மா வந்து பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் கூட்டாளி என் மேஜையை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, வரலையா?" என்று கிசுகிசுத்தாள்.

"வருதுடி. வந்து வந்து போய்டுது. பேஜாரு பண்ணுது."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "வர்ற நேரத்துல ஸ்டாப் பட்டன அமுக்கிடு. படம் அப்டியே நின்னுக்கினு இருக்கும். அந்தம்மாவக் கூப்டு. அஞ்சு நிமிஷ வேலை."

அந்த டிஜிட்டல் பெட்டியில் அப்படி ஒரு வசதி உண்டு. பட்டனை அமுக்கினால் திரையில் அந்த நொடியில் இருந்தது உறைந்து நிற்கும். பச்சையாக எரிகிற பட்டன் அப்போது சிவப்பாகிவிடும். அவள் அதற்கும் வழி வைத்திருந்தாள். "செவப்பு லைட்டு மேல ஹால் டிக்கெட்ட சாத்தி வெச்சுக்கோ. பாக்காத மாதிரி நில்லு."

பரீட்சை முடிய அரை மணி நேரம்கூட இல்லை. அந்த நீளமான ஹால் கண் முன்னால் வந்தது. ஒரு காலி மேஜையும் வந்தது. நான் சப்ளையைப் போட்டேன். அலை துள்ளியது. பட்டனை அமுக்கினேன்.

நின்றது. என்னமாய் நின்றது! திரையில் இருப்பது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும்தான். அவ்வளவு சிறிய நேரத்தில் அலை இளைப்பது கண்ணுக்கே தெரியவில்லை. திரையில் பதித்த கட்டங்களில் ஒரு அலைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேல், நான் கணக்குப் போட்டு வைத்திருந்த அதே அறுபத்தைந்து ஹெர்ட்ஸ். புத்தகத்தில் அச்சடித்த மாதிரி மூன்று அலைகள். ஹால் டிக்கெட்டைப் பட்டன்மேல் சாய்த்து வைத்தேன். கை தூக்கினேன். அந்த அம்மா எழுந்து வரத் தொடங்கினார்.

அவர் நான்கு மேஜை தள்ளி வந்துகொண்டிருக்கும்போது நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. போன தடவை புத்தகத்தில் இருந்த அலையைப் பேப்பரில் வரைந்து தோற்றேன். இந்தத் தடவை செத்துப்போன அலைக்குப் படம் எடுத்து மாட்டி வைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் போய் இதையேதான் செய்யப் போகிறேனா? வருகிற போர்டையெல்லாம் ஸ்டாப் பட்டனை அமுக்கி நல்லது என்று அனுப்பப் போகிறேனா? சீ!

ஹால் டிக்கெட்டை எடுத்துக் கீழே வைத்தேன். பட்டனை அமுக்கினேன். சிவப்பு பச்சையானது. படம் போனது. கோடு.

"யா அல்லா, பைத்தியமாடி நீ!" என்று பக்கத்து மேஜையிலிருந்து மூச்சுப் போகிற மாதிரி ஒரு குரல் கேட்டது.

எக்ஸாமினரம்மா வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவுட்புட் எங்க?"

"வந்துச்சு மேடம். செத்துப்போச்சு."

"என்னது?"

"இங்க பாருங்க மேடம்" என்று சப்ளையை அணைத்துப் போட்டேன். துள்ளியது, இளைத்தது, படுத்தது. "ஒவ்வொரு வாட்டியும் இதையேதான் பண்ணுது. சுத்தி வர்றப்போ போனதவிட கொஞ்சம் கம்மியா திரும்பி வருது. அதான் ஒவ்வொரு சுத்துக்கும் இளைச்சுக்கினே போவுது." இதைச் சொன்னது என் வாய்தான். ஆனால் அந்த நொடி வரை எனக்கு அது தெரியாது. சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. கொஞ்சம் கம்மியா திரும்பி வருது!

அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "வராம கூப்பிடாதீங்கன்னு சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டாமல் போனதே பெரிய விஷயம்.

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைக்குள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடியது. கொஞ்சம் குறைகிறது. எதனால் குறைகிறது? தங்கப் பட்டை! பத்து என்று போட்டது பத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்? இருநூற்றுத் தொண்ணூறு கொஞ்சம் குறைவாக இருந்தால்? இருபத்தொன்பது எங்கே இருக்கும்? ஓடிப்போய் மல்டிமீட்டரைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்து, சப்ளையை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன். பத்து கிலோ மூன்றுமே பத்தே கால் பக்கம் காட்டின. இருநூற்றுத் தொண்ணூறு என்று சேர்த்தது இரண்டு குறைவாகக் காட்டியது. வகுத்தால் இருபத்தெட்டுக்கு ஒரு மயிரிழை மேல். அவ்வளவுதான். அந்த ஒரு சொச்சம்தான் என் அலையைக் கொன்றுகொண்டிருந்தது.

சரி, இருபத்தொன்பதுக்குச் சரியாகக் கொண்டுவர வேண்டும் என்று அடுத்த ரெசிஸ்டரை எடுக்கக் கை போனது. அங்கேதான் நின்றேன். சரியாக இருபத்தொன்பது வந்தால் என்ன ஆகும்? போனது அப்படியே திரும்பி வரும். பெரிய அலை இருந்தால் பெரிய அலையாகவே இருக்கும். சின்ன அலை இருந்தால்? சின்ன அலையாகவே இருக்கும்! முதலில் அங்கே இருப்பது என்ன? சப்ளையைப் போடும்போது வருகிற ஒரு சின்னத் துள்ளல். அதுவும் இல்லாவிட்டால் ரெசிஸ்டருக்குள்ளும் ஐசிக்குள்ளும் எப்போதும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சலசலப்பு. அதை யார் பெரிதாக்குவது? ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாவது கூடித் திரும்பினால்தானே அது வளரும்?

நான் ஒரு வாரமாக உருப்போட்ட நிபந்தனை, ஓடிக்கொண்டிருக்கும் அலை ஓடிக்கொண்டே இருப்பதற்கு. அது கிளம்புவதற்கு இல்லை. கிளம்ப வேண்டுமானால் இருபத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலே போக வேண்டும். நூறு வேண்டாம் தாயே, கொஞ்சம்!

"அண்ணா, பதினஞ்சு கிலோ ஒண்ணு!" என்று நான் கேட்டதில் அசிஸ்டென்ட் அண்ணன் பயந்தே போனார். பழுப்பு, பச்சை, ஆரஞ்சு. இந்தத் தடவை அளந்தேன். வரிசையில் சேர்த்தேன். வகுத்தால் முப்பதுக்குக் கொஞ்சம் கீழே, இருபத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலே. அவசரத்தில் கம்பி இரண்டு தடவை ஓட்டையில் இறங்காமல் வழுக்கியது.

சப்ளையைப் போட்டேன்.

சின்னத் துள்ளல். அது இளைக்கவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தேன். வளர்ந்தது! கோடு தடித்தது, தடித்தது அலையானது, அலை எழுந்தது, எழுந்து திரையின் மேல்கோட்டைத் தாண்டி வெளியே போனது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள். குமிழைத் திருகி அளவைச் சுருக்கினேன். திரை நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தது என் அலை. உயிரோடு. ஓடிக்கொண்டே.

"வந்துடுச்சுடீ!"

பரீட்சை ஹால் என்பது மறந்தே போய்விட்டது. பன்னிரண்டு மேஜையும் திரும்பியது. "யாரு அங்க கத்துறது?" என்று எக்ஸாமினரம்மா எழுந்து வந்தார். என் கூட்டாளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் மட்டும் குதித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா திரையைப் பார்த்தார். முதலில் அவர் பார்த்தது பட்டனை. பச்சை. நான் ஹால் டிக்கெட்டை எடுத்ததை நினைத்து உடம்பெல்லாம் புல்லரித்தது. அவருக்கு அந்த வித்தையெல்லாம் தெரியும் போலிருக்கிறது. "பாட் எங்க?" என்று கேட்டார்.

"போடல மேடம்."

"கையை எடு. தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். அவரே சப்ளையை அணைத்தார். கோடு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வெறும் கோடு மட்டும். அவர் அவசரப்படவில்லை. அவ்வளவு நேரம் அணைத்து வைத்திருந்தது எனக்கு ஒரு ஜென்மம் போல் இருந்தது. பிறகு ஸ்விட்சைப் போட்டார். யாரும் தொடவில்லை, யாரும் எதையும் திருகவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. தானாக எழுந்து வந்து நின்றது.

"சுத்துக்குச் சுத்து கூடுதுன்னா வளர்ந்துக்கிட்டே இல்ல போகணும்? ஏன் இங்கயே நின்னுடுச்சு?" என்று கேட்டார்.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றதால் பதில் திரையிலேயே இருந்தது. "உச்சியப் பாருங்க மேடம். லேசா, ரொம்ப லேசா அமுங்கி கீது. சப்ளைக்கு மேல ஐசியால குடுக்க முடியாது. உச்சில முட்டுது. முட்டுறப்போ அந்த இடத்துல கெயின் கொறஞ்சுடுது. மொத்தத்துல பாத்தா சுத்துக்கு ஒண்ணுன்னு வந்து நின்னுக்குது. நான் கணக்குப் போட்டு ஒண்ணுன்னு வெச்சா நிக்க மாட்டேங்குது மேடம். கொஞ்சம் கூட குடுத்தா அதுவே ஒண்ணுல வந்து நின்னுக்குது."

"வரை" என்றார்.

வரைந்தேன். உச்சியில் லேசாக அமுங்கியிருந்ததையும் சேர்த்து. அவர் பேப்பரை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரு அலைக்கு எத்தனை கட்டம் என்று விரலால் எண்ணினார். கீழே கையெழுத்துப் போட்டார். மார்க் பட்டியலைத் திறந்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை, அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பட்டியலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குக் கிளம்பினார்.

இரண்டடி போனவர் திரும்பி வந்தார். ஏதோ தப்புக் கண்டுபிடித்துவிட்டார் என்று நான் உறைந்துபோனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. யாராவது கவனிக்கிறார்களா என்று லேபை ஒரு முறை பார்த்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடும்மா, பாக்கலாம்" என்றார்.

நான் அணைத்தேன். போட்டேன். கோடு தடித்து அலையாகி எழுந்து வந்ததை நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். காலையிலிருந்து சிரிக்காத அந்த முகம் திரை வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. நான் பாஸ் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.